சேமிப்புப் பெட்டிக்கு நிலையான முகவரியா, டி.எச்.சி.பி.யா?

கிள்ளான் கடைவீடு ஒன்றில் சிறிய கணக்கர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர், எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் ஒரு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. ரவுட்டரின் முகவரி 192.168.1.1. அது டி.எச்.சி.பி. முறையில் 100 முதல் 199 வரையிலான எண்களைச் சாதனங்களுக்குத் தானே கொடுக்கிறது. பெட்டிக்குக் கிடைத்தது 192.168.1.105. கணினிகளின் இரவு நேர நகலெடுப்பும் அந்த எண்ணைத்தான் தேடிப் போகிறது.

டி.எச்.சி.பி. எண்ணைச் சொந்தமாகத் தருவதில்லை, குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குத் தருகிறது. சாதனம் ஓடிக்கொண்டிருந்தால் குத்தகை புதுப்பிக்கப்படும். தீபாவளிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறந்தால், 105 யாரோ ஒருவரின் கைப்பேசிக்குப் போயிருக்கலாம். நகலெடுப்பு சத்தமில்லாமல் நின்றுவிடும். கோப்பு தொலைந்த அன்றுதான் அது தெரியவரும்.

பலர் உடனே பெட்டியின் அமைப்பில் 105 என்று கையால் எழுதிவிடுவார்கள். இது அரைகுறை வைத்தியம். ரவுட்டருக்கு அது தெரியாது என்பதால், அதே எண்ணை வேறு சாதனத்துக்கும் கொடுத்துவிடலாம். அப்போது பெட்டி சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது; பெரிய கோப்பு பாதியில் அறுந்து நிற்கும். சந்தேகம் வந்தால் பெட்டியை அணைத்துவிட்டுக் கணினியில் இதைத் தட்டுங்கள்:

```
ping 192.168.1.105
```

105-இலிருந்தே பதில் வந்தால், அந்த எண்ணில் வேறொருவர் குடியிருக்கிறார். கையால்தான் எழுதுவேன் என்பவர்கள் 100–199 வரம்புக்கு வெளியே, உதாரணமாக 192.168.1.20 என்று எழுதட்டும்.

என் பரிந்துரை வேறு. பெட்டியை டி.எச்.சி.பி.யிலேயே விட்டுவிட்டு, ரவுட்டரில் Address Reservation அல்லது Static DHCP என்ற பகுதியில் அதன் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்குங்கள். பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மேக் முகவரியைப் பெட்டியின் நெட்வொர்க் பக்கத்தில் பார்க்கலாம். கேபிளுக்கும் வைஃபைக்கும் அது வெவ்வேறு என்பதால், எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் பலன் ரவுட்டரை மாற்றும் நாளில் தெரியும். புது ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கினால், 192.168.1.20 என்று கையால் எழுதிய பெட்டி யார் கண்ணிலும் படாது. அதைத் திறந்து திருத்தவே தனி வேலை. டி.எச்.சி.பி.யில் உள்ள பெட்டியோ புது எண் வாங்கிக்கொண்டு ரவுட்டரின் சாதனப் பட்டியலில் தெரியும். ஒதுக்கீட்டையும் கணினிகளில் உள்ள எண்ணையும் மட்டும் மறுபடி எழுத வேண்டும்.

மேசைக்கணினிக்கு இந்தத் தொல்லையெல்லாம் பெரும்பாலும் வேண்டாம். அது மற்றவர்களைத் தேடிப் போகிறதே தவிர, அதைத் தேடி யாரும் வருவதில்லை. பிரிண்டரையோ கோப்புறையையோ மற்ற கணினிகளுடன் பகிர்ந்தால் மட்டும் அதற்கும் ஓர் எண் ஒதுக்குங்கள். வைஃபையில் இருந்தால், விண்டோஸில் Random hardware addresses அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேக் முகவரி மாறி, ஒதுக்கீடு பயனற்றுப் போகும்.