கூட்டல் குறி எங்கே உட்காரும்?

ஒரு கிராஃப் பேப்பரும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கட்டங்கள் பக்கம் ஒட்டி நிற்கும்படி எத்தனை விதமாக வெட்டலாம்? திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றேதான் என்று வைத்துக்கொண்டால் சரியாக 12. இவற்றுக்கு 'பென்டாமினோ' என்று 1953-ல் பெயர் வைத்தவர் சாலமன் கோலம்ப்.

மொத்தம் 60 கட்டம். 3-க்கு 20 செவ்வகம் வரைந்து, பன்னிரண்டையும் இடைவெளி இல்லாமல் அடைக்கப் பாருங்கள். முதல் ஆறேழு துண்டுகள் சமர்த்தாக உட்காரும். கடைசி இரண்டு மட்டும் கையிலேயே நிற்கும். எங்கே தப்பு பண்ணினோம் என்று தெரியாது. அதுதான் வேதனை.

1958-ல் பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டேனா ஸ்காட், இதே வேலையை 'மேனியாக்' கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். அவர் எடுத்தது நடுவில் நாலு கட்டம் ஓட்டையாக விட்ட செஸ் பலகை. 'எல்லாவற்றையும் வைத்துப் பார்' என்று சும்மா விட்டுவிடவில்லை. கூட்டல் குறி மாதிரி இருக்கும் துண்டுக்குத்தான் இடம் கிடைப்பது கஷ்டம். அதை முதலில் வை என்றார். சுழற்சி, பிரதிபலிப்பைக் கழித்தால் அதற்கு மூன்றே இடம். சுமார் மூன்றரை மணி நேரத்தில் 65 விடைகளும் வந்துவிட்டன.

இந்தத் தந்திரத்தை உங்கள் 3-க்கு 20-ல் போட்டுப் பாருங்களேன். செவ்வகத்தை மூன்று மூன்று கட்டமாக 20 வரிசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறியின் மையம் 2-லிருந்து 19 வரை எந்த வரிசையிலும் வரலாம். ஆக, 18 இடம். ஆனால் அது உட்காரும் வரிசை முழுவதும் அடைபட்டு, குறுக்கே சுவர் எழும்பிவிடுகிறது. இந்தப் பக்கம் மிஞ்சும் கட்டங்களை எண்ணுங்கள். மையம் 2-ல் என்றால் 2 கட்டம், 3-ல் 5, 4-ல் 8, 5-ல் 11. எல்லாத் துண்டும் ஐந்து கட்டம் அல்லவா? மிச்சம் ஐந்தால் வகுபடாவிட்டால் அந்தப் பாதையே வீண். அங்கே இன்னொரு துண்டைக்கூட வைத்துப் பார்க்க வேண்டாம்!

தேறுவது 3, 8, 13, 18 மட்டும். செவ்வகத்தைத் திருப்பினால் 18-ம் 3-ம் ஒன்று, 13-ம் 8-ம் ஒன்று. மிச்சம் இரண்டே இடம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐந்தால் வகுபட்டால் விடை உண்டு என்று அர்த்தமில்லை. மையம் 8-ல் இருந்தால் இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 35. கணக்கு சுத்தம், ஆனால் விடை கிடையாது. அதைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், தேடலை ஒழிக்காது.

ஆக, மையம் 3-ல். ஓரத்தில் மிஞ்சும் ஐந்து கட்டம் 'ப' வடிவம். அந்தத் துண்டு கச்சிதமாகப் பொருந்தும். மீதி பத்தை அடுக்க இரண்டே வழிதான். ஒன்றையாவது கண்டுபிடியுங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.