அன்றே: சம்பந்தரின் முதற்பதிகத்தில் ஓர் அசைநிலை வழக்கு

திருஞானசம்பந்தரின் முதற்பதிகத்தில் முதல் பத்துப் பாடல்களும் 'இவனன்றே' என்ற சீரோடு முடிகின்றன. 'அன்று', 'ஏ' இரண்டும் அசைநிலை, பொருள் கூறும்போது விட்டுவிடலாம் என்பது உரைமரபில் ஒரு சாராரின் கருத்து. அவர்களுக்குக் கைகொடுப்பது நன்னூல். அசைமொழிப் பட்டியலில் அது 'அன்று' என்பதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் நன்னூல் சம்பந்தருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. யா, கா, பிற, பிறக்கு, அரோ, போ, மாது என ஏழு சொற்களை அசைநிலையாகத் தொகுக்கும் தொல்காப்பிய நூற்பாவில் 'அன்று' இல்லை.

பட்டியலை நம்புவதைவிட யாப்பைக் கேட்பது நல்லது. இவனன்றே என்பது இவ/னன்/றே என நிரை, நேர், நேராகப் பிரியும். ஏகாரத்தை நீக்கி 'இவனன்று' என்றாலும் இறுதிக் குறில் தனித்து நேரசையாவதால் அதே புளிமாங்காய்தான் கிடைக்கிறது. யாப்புக்குத் தேவையில்லாத ஏகாரத்தை யாப்பு நிரப்ப வந்தது என்று எப்படிச் சொல்வது?

பதினோராம் பாடலைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். பதிகப் பயன் கூறும் அப்பாடல் 'எளிதாமே' என்று முடிகிறது. இங்கே ஏகாரத்தை எடுத்தால் 'எளிதாம்' என நிரையும் நேரும் மட்டுமே எஞ்சும், சீர் குறையும். பொருளோ மாறவில்லை. இந்த ஏகாரம் உண்மையான ஈற்றசை. பொழிப்புரையில் தயங்காமல் விடலாம்.

'இவனன்றே' அப்படியல்ல. ஏகாரத்தை மட்டும் விட்டால் கூற்று மறுப்பாகக் கேட்கும். இரண்டையும் விட்டால் 'இவன்' என்ற வெறும் சுட்டு நிற்கும். கேட்பவரின் ஒப்புதலை நாடும் குரல் போய்விடும். 'அன்று' இங்கே வினைமுற்றாக நிற்கிறது என்பதும் சரியன்று. அப்படியானால் ஆண்பாலுக்கேற்ப 'அல்லன்' வந்திருக்க வேண்டும். மறுப்பும் வினா ஏகாரமும் இறுகி, 'அல்லவா' என்னும் தெளிவுப் பொருள் தரும் ஒரே இடைச்சொல்லாகிவிட்டன என்று கொள்வதே பொருத்தம்.

பாலூட்டியது யார் என்று தந்தை கேட்க, குழந்தை சுட்டிக்காட்டியதாகப் பெரியபுராணம் சொல்வது இந்த வாசிப்புக்கு இசைந்தே வருகிறது. ஆனால் அது 12ஆம் நூற்றாண்டு நூல் என்பதால் இங்கே அதைச் சான்றாகக் கொள்ளவில்லை. பண்ணோடு பாடும்போது இறுதி நெடில் நீட்டத்துக்கு உதவும் என்ற தடையும் எழலாம். உதவட்டும், ஓசைக்குப் பயன்படுவதாலேயே ஒரு சொல் பொருளை இழந்துவிடாது.

எனவே உரையாசிரியர் இரண்டைச் சோதிக்கலாம். சொல்லை நீக்கினால் சீர் குறைகிறதா? கூற்றின் தன்மை மாறுகிறதா? சீர் குறைந்து, கூற்று மாறாமல் நின்றால் மட்டுமே அதைப் பொழிப்புரையில் விடலாம். மூலத்தில் அப்போதும் கைவைக்கக் கூடாது. இந்தச் சோதனையில் 'எளிதாமே' என்பதன் ஏகாரம் உரையிலிருந்து விலகும், 'அன்றே' விலகாது.