பக்கெட் பட்டியல் கேட்காத ரோல்

2019 ஜூலை கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நீதிமன்றத்தில் எஃப்பிஐ ஒரு புகார் மனு தாக்கல் செய்தது. கேபிடல் ஒன் வங்கியின் தகவல் திருட்டு பற்றியது. சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடியர்களின் விவரங்கள் அதில் போயிருந்தன. பெரும்பாலும் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தவர்கள். செய்திகள் எல்லாம் அந்த எண்ணிக்கையைத்தான் பேசின. என்னை நிறுத்தியது மனுவில் இருந்த ஒரு சின்ன வாக்கியம். திருட்டுக்குப் பயன்பட்ட ரோல், வழக்கமான வேலையில் பக்கெட்டுகளின் பட்டியலைக் கேட்பதே இல்லை என்று வங்கி சொன்னதாக அதில் எழுதியிருக்கிறது.

கேட்பதே இல்லை. ஆனா கேட்டபோது கிடைத்தது. இந்த இடைவெளிக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து வருட வரலாறு இருக்கிறது.

1970களில் எம்ஐடியில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பலர் ஒரே கணினியில் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பாதுகாப்புக்கான எட்டு வடிவமைப்புக் கொள்கைகளை அதில் வரிசைப்படுத்தினார்கள். அதில் ஒன்றுதான் குறைந்தபட்ச அதிகாரம்: ஒரு நிரலுக்கோ பயனருக்கோ தன் வேலையை முடிக்கத் தேவையான அளவு அதிகாரம் மட்டும் இருக்க வேண்டும். இதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, தவறு நடந்தால் சேதம் சின்னதாக இருக்கும். இரண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஓர் அதிகாரம் தவறாகப் பயன்பட்டதா என்ற கேள்வி வந்தால், சோதிக்க வேண்டிய நிரல்கள் குறைவாக இருக்கும்.

இப்போது கிளவுடுக்கு வருவோம். அமேசான் 2006-ல் எஸ்3, ஈசி2 இரண்டையும் ஆரம்பித்தபோது யூசர், ரோல், பாலிசி எதுவும் கிடையாது. ஒரு அக்கவுண்ட், அதற்கான ரகசிய சாவி, அவ்வளவுதான். சாவி வைத்திருப்பவர் எல்லாம் செய்யலாம். பத்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் பத்து பேரிடமும் அதே சாவிதான் இருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் மீதி ஒன்பது பேருக்கும் சாவி மாற்ற வேண்டும்.

2010 செப்டம்பரில் ஐஏஎம் சோதனை வடிவில் வந்தது; 2011 மே மாதம் முழுமையாக வெளியானது. இப்போது ஆளுக்கொரு யூசர் உண்டு. ஒவ்வொருவரும் என்ன செய்யலாம் என்பதை எழுதி வைக்கும் ஆவணம்தான் பாலிசி. எழுதாதது எல்லாம் மறுக்கப்படும். வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால் மறுப்பதே இயல்புநிலையாக இருக்க வேண்டும் என்பதும் 1975 கட்டுரையின் எட்டில் ஒன்றுதான்.

ஆனா மனிதருக்கு யூசர் சரி, சர்வருக்கு என்ன செய்வது? சர்வரில் ஓடும் நிரலும் எஸ்3-ல் எழுத வேண்டும். அதற்காக சாவியை கான்ஃபிகரேஷன் ஃபைலில் போட்டார்கள். அது அப்படியே மூல நிரலோடு சேர்ந்து எங்கெங்கோ போனது. இதைத் தீர்க்க 2012 ஜூனில் ஈசி2-வுக்கு ரோல் வந்தது. யூசர் ஒரு ஆளுக்கு, ரோல் ஒரு வேலைக்கு. ரோலுக்கு நிரந்தர சாவி கிடையாது. சர்வர் தனக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய ஒரு முகவரியில் கேட்டால், சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக சாவி கிடைக்கும்.

```
curl http://169.254.169.254/latest/meta-data/iam/security-credentials/
```

இந்தக் கட்டளை ரோலின் பெயரைத் தந்தது. அந்தப் பெயரைக் கடைசியில் சேர்த்துத் திரும்பக் கேட்டால் சாவியே வந்தது. பாஸ்வேர்ட் கேட்கவில்லை. சர்வருக்குள்ளே இருந்து கேட்பவர் சர்வராகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் அனுமானம்.

2019 மார்ச்சில் உடைந்தது அந்த அனுமானம்தான். கேபிடல் ஒன்னின் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து அனுப்பிய கோரிக்கையை, அது தன் சார்பில் உள் முகவரிக்கு அனுப்பி, பதிலைத் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் நடந்ததை மனு மூன்று கட்டளைகளாகச் சொல்கிறது. முதலாவது, பெயர் `WAF-Role` என்று முடியும் ஒரு ரோலின் சாவியை வாங்கியது. இரண்டாவது, பக்கெட்டுகளின் பட்டியலைக் கேட்டது. மூன்றாவது, அவற்றில் இருந்ததை வெளியே பிரதி எடுத்தது. பட்டியலில் 700-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தும் பெரிதாக உதவவில்லை; அந்த அணுகலே மறையை நீக்கவும் வழி செய்தது என்று வங்கியே அறிவித்தது.

முதல் கட்டளை ஃபயர்வால் பிழை. இரண்டாவதும் மூன்றாவதும் பிழையே இல்லை. ஐஏஎம் தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்தது. பாலிசி அனுமதித்தது, அது கொடுத்தது. வங்கி கொடுத்திருந்த அனுமதிகள் நினைத்ததைவிட அகலமாக இருந்திருக்கலாம் என்று அமேசானும் அமெரிக்க செனட்டர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டது.

அகலம் என்றால் என்ன என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஃபயர்வால் தன் பதிவுகளை எஸ்3-ல் சேமிக்க வேண்டும். அவசரத்தில் எழுதினால் இப்படி வரும்:

```json
{
  "Effect": "Allow",
  "Action": "s3:*",
  "Resource": "*"
}
```

வேலை நடக்கும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது: அனுமதி குறைந்தால் அன்றைக்கே ஏதாவது நின்றுபோய் போன் வரும், கூடினால் எதுவும் நிற்காது, எந்தச் சத்தமும் வராது. உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான்:

```json
{
  "Effect": "Allow",
  "Action": "s3:PutObject",
  "Resource": "arn:aws:s3:::waf-logs-example/*"
}
```

இந்த ரோலின் சாவி திருடு போனாலும் ஒரு பக்கெட்டில் எழுத மட்டும்தான் முடியும். பட்டியல் கேட்டால் `AccessDenied` வரும். அதாவது திருட்டு இரண்டாவது கட்டளையிலேயே நின்றிருக்கும்.

சரி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரோலில் மிச்சமான அனுமதி எது என்று எப்படித் தெரியும்? கொடுத்ததையும் பயன்படுத்தியதையும் ஒப்பிட வேண்டும். கிளவுட்டிரெயில் பதிவுகளை வைத்து, பயன்படுத்திய அனுமதிகள் மட்டும் உள்ள பாலிசியை உருவாக்கித் தரும் வசதியை அமேசான் 2021-ல் கொண்டுவந்தது. ஆனா அதை அப்படியே நம்பக் கூடாது. அது அதிகபட்சம் 90 நாள் பதிவுகளைத்தான் பார்க்கும். மார்ச் 31-ல் மட்டும் ஓடும் கணக்கு முடிப்பு வேலை அதில் தெரியாமல் போகலாம். இன்னொன்று, `ListBuckets` இயல்பாகவே பதிவாகும், ஆனா ஒரு ஃபைலைப் படிக்கும் `GetObject` பதிவாகாது. அதற்குத் தனியாகச் சொல்லி, தனியாகப் பணமும் கட்ட வேண்டும். எனவே கருவி தருவது வரைவு மட்டுமே. அந்த வேலையைச் செய்பவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் அனுமதிகளை வெட்ட வேண்டும்.

கேபிடல் ஒன்னிடம் பதிவுகள் இருந்தன. மார்ச்சில் ஒரு ஃபயர்வாலின் ரோல், வழக்கத்துக்கு மாறாகப் பக்கெட் பட்டியல் கேட்டது அவற்றில் இருந்தது. ஆனா வங்கிக்குத் தெரிந்தது ஜூலையில், வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் மூலம். 2019 நவம்பரில் அமேசான் அந்த உள் முகவரிக்கு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. முதலில் ஒரு டோக்கன் வாங்கினால்தான் சாவி தரும். 2020 ஆகஸ்டில் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது.

சால்ட்சரும் ஷ்ரோடரும் சொன்ன இரண்டாவது காரணம் இங்கேதான் பொருந்துகிறது. பட்டியல் கேட்கும் அதிகாரம் இரண்டே ரோல்களுக்கு இருந்திருந்தால், மூன்றாவது ஒன்று கேட்டு மறுக்கப்பட்ட அந்த ஒற்றை வரி பதிவில் தனியாகத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் எல்லாம் அனுமதி என்றால் மறுப்பு என்றே ஒன்று வராது, பதிவைப் படிப்பவருக்குச் சந்தேகப்பட எதுவும் இருக்காது.