நந்தி விலகியது, கதவு திறந்ததா?
திருநாளைப்போவார் கதை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பக்தி இயக்கம் சாதிக்கு எதிரான எழுச்சியா, வெறும் இறைக்காதலா என்ற கேள்வி உயர்தர வகுப்பில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு வருசா வருசம் வரும். பேராசிரியர் கைலாசபதி 'நாடும் நாயன்மாரும்' என்ற கட்டுரையில், சமண வணிகருக்கு எதிரே நிலவுடைமையாளர் திரண்ட இயக்கமாக அதைக் கண்டார். அப்படியென்றால் நிலமற்றவருக்கு அதில் என்ன இடம் கிடைத்தது? இதற்கு விடை தேட நந்தனார் கதை ஒன்றே போதும்.

சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயரை மட்டும் சொல்லி வணங்குகிறார். விரிவான கதை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம்தான் வருகிறது. அவர் காட்டும் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில், ஊர்த்தொழிலுக்காக விடப்பட்ட பறைத்துடவை நிலத்தின் விளைவை உண்டு வாழ்ந்தவர். கோயில் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். அதாவது அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. அவர் வெளியே நின்றார்.

திருப்புன்கூரில் சிவனை நேரே காண ஆசைப்பட்டார். மறைத்திருந்த நந்தியை இறைவன் விலக்கினான். இதைப் புரட்சி என்று சொல்வோர் உண்டு. ஆனால் கொஞ்சம் நின்று பார்க்க வேணும்: நந்தி விலகிய பிறகும் நந்தனார் வாசலைத் தாண்டவில்லை.

தில்லையில் நடப்பது இன்னும் கடுமை. உள்ளே போக அஞ்சி, அவர் ஊரின் எல்லையையே சுற்றிச் சுற்றி வருகிறார். தீயில் மூழ்கி வா என்று கனவில் கட்டளை வருகிறது. அந்தணர்கள் தெற்கு வாசலுக்கு வெளியே தீ வளர்க்கிறார்கள். அதில் புகுந்தவர் பூணூல் தரித்த முனிவராக எழுகிறார். அதன் பிறகே கோயிலுக்குள் போகிறார். போனவரைப் பிறகு யாரும் காணவில்லை.

என் அளவுகோல் எளிது. கதையின் முடிவில் மாறியது யார்? கோயில் மாறவில்லை, அடியார்தான் மாறினார். ஆகவே சேக்கிழாரிடம் இருப்பது பக்தியின் உயர்ச்சி. ஒழுங்கின் மீது கேள்வி இல்லை. ஆனாலும் புலைப்பாடியில் பிறந்தவரை அரசரும் அந்தணரும் வணங்கும் அறுபத்து மூவரில் ஒருவராக நிறுத்தியது சின்ன விசயமில்லை. பின்னால் வந்தோர் பற்றிக்கொள்ள ஒரு பிடி அங்கே இருந்தது.

அதை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பற்றிக்கொண்டார். அவருடைய கீர்த்தனைகளில் நந்தனார் பண்ணையாள். தில்லைக்குப் போக விடாமல் தடுக்கும் வேதியர் என்ற நிலக்கிழார் பாத்திரம் சேக்கிழாரிடம் இல்லவே இல்லை. எதிர்ப்புக் குரல் பக்திக்குள் புகுந்தது இங்கேதான். அப்போதும் தீ அணையவில்லை.

கதவைத் திறந்தது வேறு வழி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939இல் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. எங்கட நாட்டில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் மக்கள் போராட வேண்டியிருந்தது. அங்கே நின்றவர்கள் தங்களை மாற்றிக்கொண்டு உள்ளே போக வரவில்லை. இருந்தபடியே போக வந்தார்கள். பக்திக்கும் எதிர்ப்புக்கும் இடையிலான கோடு அதுதான்.