வங்கிக் கணக்கறிக்கை: இருவரிச் சுருக்கம்

ஒரு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டின் பதிவுகளை இரண்டே வரியில் எழுதுவது இருவரிச் சுருக்கம். முதல் வரியில் பணம் எதற்குப் போனது என்பதும், இரண்டாம் வரியில் வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது என்பதும் இடம்பெறும். இதில் பிசகு பெரும்பாலும் கூட்டலில் வருவதில்லை. எதைச் செலவு என்று எண்ணுகிறோம் என்பதில்தான் வருகிறது.

மாதச் சம்பளக்காரர் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். தொடக்க இருப்பு ரூ.12,400. வரவு ரூ.42,850, பற்று ரூ.46,890, இறுதி இருப்பு ரூ.8,360. தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் இறுதி இருப்பு வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது.

பற்று முழுவதும் செலவு அல்ல. அதில் ரூ.5,000 அவருடைய தொடர் வைப்புக்கே போயிருக்கிறது. ரூ.850 தோல்வியுற்ற யுபிஐ பரிமாற்றம். அதே தொகை வரவிலும் திரும்பியுள்ளது. இரு பதிவுகளிலும் ஒரே 12 இலக்க எண் இருப்பதே அதற்கு அடையாளம். இவ்விரண்டையும் நீக்கினால் உண்மைச் செலவு ரூ.41,040. கிரெடிட் கார்டு பில் கட்டியிருந்தால் அதை ஒரே தொகையாக எழுதலாம், அல்லது கார்டு அறிக்கையைப் பார்த்துப் பிரித்து எழுதலாம். இரண்டையும் செய்தால் செலவு இரட்டிப்பாகும்.

அடுத்தது வகைபிரித்தல். மளிகைக்கடைக்குக் கொடுத்த பணம் பல நேரம் கடைக்காரரின் சொந்தப் பெயரில்தான் பதிவாகும். ஆகவே, பெயரோடு அது எத்தனை முறை வருகிறது, எவ்வளவு தொகை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

வழக்கத்துக்கு மாறானதைக் கண்டறிய, தொகையின் அளவு நல்ல அளவுகோல் அல்ல. பள்ளிக் கட்டணம் ரூ.9,500 பெரிது, ஆனால் பருவந்தோறும் வருவது. ரூ.590 சிறியது, முந்தைய மூன்று மாதங்களில் இல்லாதது. அதன் விவரத்தில் NACH என்று இருக்கிறது. கடன் தவணை திரும்பியதற்காக வங்கி பிடித்த ரூ.500, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. காரணம் தேதிகளில் இருக்கிறது: 1ஆம் தேதி வாடகை ரூ.11,000 போனதும் இருப்பு ரூ.1,400 ஆனது, 5ஆம் தேதி வந்த ரூ.6,200 தவணைக்குப் பணம் இல்லை. சம்பளம் 7ஆம் தேதிதான் வந்தது; தவணை அதன்பிறகே கட்டப்பட்டது.

சுருக்கம் இப்படி அமையும்:

செலவு ரூ.41,040: வாடகை 11,000, பள்ளிக் கட்டணம் 9,500, மளிகை 7,450, கடன் தவணை 6,200, ஏடிஎம் ரொக்கம் 4,000, பெட்ரோல் 2,300, வங்கிக் கட்டணம் 590.

புதியது: சம்பளத்துக்கு இரண்டு நாள் முன் தவணை திரும்பியதால் ரூ.590 அபராதம், தோல்வியுற்ற ரூ.850 திரும்பிவிட்டது.

அந்த ரூ.850 மாத முடிவுக்குள் திரும்பியிருக்காவிட்டால் 'வரவேண்டியது' என்று இரண்டாம் வரியிலேயே குறிக்கவேண்டும். தவணை திரும்பியதற்குக் கடன் கொடுத்த நிறுவனம் தனியாக விதிக்கும் அபராதம் இந்த அறிக்கையில் தெரியாமல் போகலாம்; கடன் கணக்கைத்தான் பார்க்கவேண்டும். ஏடிஎம்மில் எடுத்த ரூ.4,000 எதற்குச் செலவானது என்பதும் இதில் தெரியாது. அதை மளிகையிலோ பெட்ரோலிலோ ஊகித்துச் சேர்க்காமல் ரொக்கம் என்றே விடுவது சரி.