செத்த பிறகு எலும்பு ஆறாது!

1/ பெருவில் கிடைத்த ஒரு பழைய மண்டை ஓடு. நெற்றிப் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சதுரமாக ஒரு ஓட்டை. நேர்கோட்டில் நான்கு வெட்டு போட்டு, நடுவில் இருந்த எலும்பைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். குஸ்கோவில் ஸ்குவியர் என்ற அமெரிக்கத் தூதரின் கைக்கு வந்த ஓடு இது. 1865-ல் நியூயார்க் டாக்டர்களிடம் காட்டியபோது, இந்த ஆள் உயிரோடு இருந்தபோது செய்த ஆபரேஷன் இது என்பதைப் பலர் நம்பவில்லை.

2/ ஓடு பாரிஸுக்குப் போனது. மூளையில் பேச்சுக்கான பகுதியைக் கண்டுபிடித்தாரே பால் ப்ரோகா, அவரிடம்தான். அவர் பார்த்தது ஓட்டையை இல்லை, அதைச் சுற்றி இருந்த எலும்பை. அதில் பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தன. உயிருள்ள எலும்பில் அழற்சி வந்தால்தான் இப்படி ஆகும். "ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்திருக்கிறார்" என்று 1867-ல் சொன்னார்.

3/ எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? எலும்பு உயிருள்ள திசுங்க. வெட்டுப்பட்டதும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் செத்துப்போன ஓரத்தை அரித்து எடுக்கும். அப்புறம் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பு போடும்.

4/ அதனால் ஓட்டையின் விளிம்பு மூன்று விதமாக இருக்கும்:
• கத்தி போல கூராக இருந்தால் ஆபரேஷன் மேசையிலேயோ, சில நாளிலேயோ மரணம்.
• சுற்றிலும் பொடித்துளைகள் இருந்தால் சில வாரம் வாழ்ந்தவர்.
• விளிம்பு மழுமழுவென்று உருண்டு, மண்டை எலும்பின் நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற அடுக்கு கெட்டி எலும்பால் மூடியிருந்தால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வாழ்ந்தவர்!

5/ இந்த அளவுகோலை வைத்து பெருவில் கிடைத்த நூற்றுக்கணக்கான ஓடுகளை ஜான் வெரானோவும் டேவிட் குஷ்னரும் பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவு: கி.மு. 400-200 காலத்தில் நீண்ட நாள் பிழைத்தவர்கள் சுமார் 40%. இன்கா காலத்தில் 75-83%! 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மண்டை ஆபரேஷன் செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் செத்துப்போனார்கள்.

6/ அப்படி என்ன மாறியது? பழைய ஓட்டைகள் பெரியவை. பிற்காலத்தில் ஓட்டை சின்னதாகிறது. வெட்டுவதை விட்டு, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறார்கள். காரணம் இருக்கு. மூளையைப் போர்த்தியிருக்கும் டூரா என்ற உறை கிழிந்தால் கிருமி நேரா உள்ளே போயிடும். நேராக வெட்டும்போது கருவி சட்டென்று உள்ளே இறங்கி உறையைக் கிழித்துவிடலாம். சுரண்டினால் எங்கே நிறுத்தணும் என்று கைக்குத் தெரியும். அந்த ஊர் மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றது இதைத்தான் என்று தோன்றுகிறது.

7/ ஒரு எச்சரிக்கை. ஆறிய எலும்பு, ஆள் பிழைத்தார் என்று மட்டும்தான் சொல்லும். கை கால் விளங்கியதா, பேச்சு திரும்பியதா என்று சொல்லாது. கூரான விளிம்பும் அப்படித்தான். ஆபரேஷன் கொன்றதா, அதற்கு முன் தலையில் விழுந்த அடி கொன்றதா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

8/ அடுத்த முறை மியூசியத்தில் ஓட்டை போட்ட மண்டை ஓட்டைப் பார்த்தால், ஓட்டையை விட்டுட்டு விளிம்பைப் பாருங்க. கேஸ் ஷீட் அங்கேதான் இருக்கு.