"நான் படிச்ச யுனிவர்சிட்டி இப்ப இல்ல, தம்பி"

போன எபிசோடில் கோட் பற்றிப் பேசாமல் முடித்துவிட்டேன் என்று சிலர் கோபித்துக்கொண்டீர்கள். இந்த வாரம் கோட் உண்டு, வரலாறும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தது நான் எழுதிய ஒரு ப்ரோக்ராமில் நடந்த தப்பு. பேசியதை அப்படியே போடாமல், வாசிக்கத் தோதாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், எச்ஆர் டீமுக்காக ஒரு டூல் எழுதினேன். புதிதாகச் சேருகிறவர் ஆன்லைனில் ஒரு ஃபார்ம் நிரப்புவார். கூடவே டிகிரி சர்டிஃபிகேட்டையும் மார்க்‌ஷீட்டையும் ஸ்கேன் செய்து ஏற்றுவார். என் ப்ரோக்ராம் ஸ்கேனிலிருந்து எழுத்தைப் படித்து, அதில் நான்கு விஷயங்களைப் பிரித்தெடுக்கும்: பெயர், தேதி, கிரேடு, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம். ஒவ்வொன்றையும் ஃபார்மில் இருப்பதோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு காட்டும். அதுவரை ஒருவர் உட்கார்ந்து கண்ணால் செய்துகொண்டிருந்த வேலை அது.

இரண்டாவது வாரமே ஒருவருக்கு மூன்று சிவப்பு வந்தது. அவர் பத்து வருஷ அனுபவத்தோடு சேர வந்தவர். கவிதா என்று வைத்துக்கொள்வோம், நிஜப்பெயர் அல்ல. பெயர் பொருந்தவில்லை, வருஷம் பொருந்தவில்லை, பல்கலைக்கழகமும் பொருந்தவில்லை. அவர் சேரும் தேதியை நிறுத்திவைத்து, விளக்கம் கேட்டு மெயில் போய்விட்டது. பழைய வேலையை அவர் ஏற்கெனவே விட்டிருந்தார். எச்ஆர் அவருடைய போனை என்னிடம் திருப்பிவிட்டார்கள். பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "தம்பி, நான் படிச்ச யுனிவர்சிட்டி இப்ப இல்ல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பல்கலைக்கழகம் எப்படி இல்லாமல் போகும்?

முதல் இரண்டு சிவப்பு

பெயரும் வருஷமும் சுலபமானவை, முதலில் அவற்றை முடித்துவிடலாம்.

சர்டிஃபிகேட்டில் "கவிதா எஸ்". ஃபார்மில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அவர் அப்பா பெயரான சுந்தரத்தை எழுதிவிட்டார். என் ப்ரோக்ராமுக்கு ஒற்றை "எஸ்" என்பதும் "சுந்தரம்" என்பதும் வேறு வேறு. தமிழ்ப் பெயரை ஒப்பிடும்போது இனிஷியலைத் தனியாகப் பிரித்து, ஃபார்மில் உள்ள சொல் அந்த எழுத்தில் தொடங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சிலர் இனிஷியலை மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே இந்த விதியும் பலிக்காது. அதை மனிதர் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவதே சரி.

வருஷத்தில் தப்பு முழுக்க என்னுடையது. அவர் கடைசி செமஸ்டரை 2011 ஏப்ரல்/மே தேர்வில் முடித்தார், ஃபார்மிலும் 2011 என்றே எழுதினார். டிகிரி சர்டிஃபிகேட்டில் இருந்தது கான்வொகேஷன் தேதி, 2012. காகிதத்தில் முதலில் கண்ணில் படும் தேதியை என் ப்ரோக்ராம் எடுத்துக்கொண்டது. பாஸான வருஷத்தைக் கடைசி மார்க்‌ஷீட்டில் உள்ள தேர்வு மாதத்திலிருந்தோ, ப்ரொவிஷனலில் இருந்தோதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது சிவப்பு

ஃபார்மில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ட்ராப்டவுன். அதில் அவர் "அண்ணா பல்கலைக்கழகம்" என்று தேர்ந்தெடுத்திருந்தார், ஏனென்றால் அதற்குக் கிட்டத்தில் வேறு எதுவும் பட்டியலில் இல்லை. சர்டிஃபிகேட்டில் இருந்ததோ "அண்ணா யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி, கோயம்புத்தூர்".

இங்கேதான் வரலாற்றுக்குள் போக வேண்டும். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. வெகுகாலம் நம் ஊர்ப் பக்கம் பொறியியல் படித்தவருக்குப் பட்டம் அங்கிருந்துதான் வந்தது. 1978-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்துப் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று உருவாக்கினார்கள். 1982-ல் அது அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருங்கியது. அப்போது அதற்கு வெளிக் கல்லூரிகள் கிடையாது. கோவைக் கல்லூரிகள் 1982-ல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2001-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் தமிழ்நாடு முழுக்க உள்ள பொறியியல் கல்லூரிகள் அண்ணாவின் கீழ் வந்தன.

ஒரே இடத்தில் இத்தனை கல்லூரிகளைச் சமாளிப்பது கஷ்டம் என்று 2007-ல் பிரித்தார்கள். திருச்சி, கோவை, திருநெல்வேலி ஆகிய இடங்களில் தனிப் பல்கலைக்கழகங்கள் வந்தன. 2010-ல் மதுரையும் சேர்ந்தது, பெயர்களும் "அண்ணா யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி" என்று மாறின. ஆட்சி மாறியபின் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கச் சட்டம் வந்து, 2012-ல் பழையபடி ஒரே அண்ணா பல்கலைக்கழகம் ஆனது.

2007-ல் சேர்ந்து 2011-ல் முடித்த கவிதா இந்த இடைவெளிக்குள் அப்படியே விழுந்தவர். முதல் வருஷ மார்க்‌ஷீட்டில் ஒரு பெயர், கடைசி வருஷத்தில் இன்னொரு பெயர். இரண்டுமே இன்றைக்கு இல்லை.

இதைக் கல்லூரியின் பக்கமிருந்து பாருங்கள். கோவையில் ஒரு பழைய பொறியியல் கல்லூரி, அதே கேட், அதே கேன்டீன். அங்கே 1979-ல் முடித்தவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். 1995-ல் முடித்தவருக்குப் பாரதியார். 2011-ல் முடித்தவருக்கு அண்ணா யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி, கோயம்புத்தூர். 2016-ல் முடித்தவருக்கு அண்ணா பல்கலைக்கழகம். நாலு பேருமே சாதாரணப் பேச்சில் காலேஜ் பெயரை மட்டும்தான் சொல்வார்கள். சிலர் ஃபார்மிலும் அதையே எழுதிவிடுவார்கள். பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதை 1956-ன் யுஜிசி சட்டம் சொல்கிறது. இந்தக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை இல்லை, பல்கலைக்கழகத்துக்குத்தான்.

நான் முதலில் செய்த திருத்தம்

கவிதாவின் விஷயம் தெரிந்ததும் எனக்குத் தோன்றிய வழி, எந்த இன்ஜினியருக்கும் தோன்றுவதுதான். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டாம், கிட்டத்தட்ட இருந்தால் போதும் என்று விதியைத் தளர்த்துவது. பைத்தானில் இரண்டு வரிகளை ஒப்பிட்டு 0 முதல் 1 வரை ஒரு எண் தரும் வசதி இருக்கிறது. எந்த எண்ணுக்கு மேல் பச்சை என்று முடிவு செய்வதற்காக ஓட்டிப் பார்த்தேன்:

```python
from difflib import SequenceMatcher as S
a = "Anna University"
b = "Anna University of Technology, Coimbatore"
c = "Annamalai University"
S(None, a, b).ratio()   # 0.536
S(None, a, c).ratio()   # 0.857
```

பாருங்கள். கவிதாவின் உண்மையான சர்டிஃபிகேட்டுக்கு 0.54. சிதம்பரத்தில் 1929-லிருந்து தனியாக இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 0.86! கவிதாவை உள்ளே விட 0.5 என்று வைத்தால், அண்ணாமலையில் படித்துவிட்டு ஃபார்மில் அண்ணா என்று போடுகிறவரும் பச்சையாகிவிடுவார். 0.8 என்று வைத்தால் கவிதா வெளியே, அவர் உள்ளே. எந்த எண்ணை வைத்தாலும் தப்பு. இரண்டு பெயருக்கும் உள்ள உறவு எழுத்துகளில் இல்லை, 2007-க்கும் 2012-க்கும் நடுவே நடந்ததில் இருக்கிறது. அதை எழுத்தை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் ஒரு அட்டவணை எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் அது எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை இருந்தது, பிறகு எதில் சேர்ந்தது என்று மூன்றே தகவல்:

```python
{"name": "Anna University of Technology, Coimbatore",
 "from": 2010, "to": 2012,
 "successor": "Anna University"}
```

இப்போது ஒப்பீடு வேறு மாதிரி நடக்கும். சர்டிஃபிகேட்டில் உள்ள பெயர் அட்டவணையில் இருக்கிறதா? பாஸான வருஷம் அந்தக் காலத்துக்குள் வருகிறதா? ஃபார்மில் உள்ள பெயர் அதுவோ, அது பிறகு சேர்ந்த பெயரோதானா? கவிதாவுக்கு மூன்றுக்கும் ஆமாம். பச்சை.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. எந்தக் கல்லூரி எந்த வருஷம் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது என்பதையும் சேர்த்தால், அட்டவணை கவிதாவை உள்ளே விடுவதோடு, தவறான காகிதத்தையும் காட்டிக்கொடுக்கும். 1995-ல் கோவைத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்ததாக, அண்ணா பல்கலைக்கழகப் பெயரோடு ஒரு சர்டிஃபிகேட் வந்தால்? ஃபார்மிலும் அண்ணா என்றே இருக்கும். எழுத்து மட்டும் பார்க்கும் ப்ரோக்ராம் முழு மார்க் போட்டு அனுப்பிவிடும். ஆனால் அன்றைக்கு அந்தக் கல்லூரி அண்ணாவின் கீழ் இருந்திருக்க முடியாது. போலி அடிக்கிறவர் இன்றைய சர்டிஃபிகேட்டைப் பார்த்து அடிப்பார், அன்றைய பெயர் அவர் மனசில் வராது.

கிரேடிலும் இதே கதைதான். நான் படித்தது 2013 ரெகுலேஷன். அதில் எஸ் என்றால் 10 புள்ளி, ஏ என்றால் 9, பி என்றால் 8. இரண்டு வருஷம் கழித்துச் சேர்ந்த என் தம்பிக்கு 2017 ரெகுலேஷன். அவனுக்கு ஓ 10, ஏ ப்ளஸ் 9, ஏ வெறும் 8, பி வெறும் 6. "நீயும் ஏ, நானும் ஏ" என்று அவன் வீட்டில் பெருமையடித்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ப்ரோக்ராம் மார்க்‌ஷீட்டில் ரெகுலேஷன் வருஷத்தைப் படிக்காமல் எழுத்தைப் புள்ளியாக மாற்றினால், யாரோ ஒருவருடைய சிஜிபிஏ தப்பாக வரும், ஃபார்மில் நேர்மையாக எழுதியவருக்குச் சிவப்பு விழும்.

அட்டவணையும் போதாத இடம்

2007-ல் சேர்ந்து, அரியர் வைத்து, 2013-ல் முடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய காகிதங்களிலேயே பெயர் மாறி மாறி வரலாம். தன்னாட்சிக் கல்லூரியில் மார்க்‌ஷீட்டின் தலைப்பில் கல்லூரி பெயர் பெரிதாக இருக்கும், பட்டத்தில் பல்கலைக்கழகம் இருக்கும். இவற்றுக்குச் சிவப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் மஞ்சள் வைத்தேன். மஞ்சள் வந்தால் ஒரு மனிதர் பார்த்த பிறகுதான் மெயில் போகும்.

இன்னொன்று. இதெல்லாம் காகிதமும் ஃபார்மும் ஒன்றா என்று மட்டுமே சொல்லும். காகிதமே நிஜமா என்பதைப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும். மூடிய பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு, அது பிறகு சேர்ந்த இடத்தில் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று சொல்லவும் அதே அட்டவணைதான்.

கவிதா அக்கா இரண்டு வாரம் தாமதமாகச் சேர்ந்தார். முதல் நாள் என் சீட்டுக்கு வந்து, "என் யுனிவர்சிட்டி கெடச்சுதா தம்பி?" என்று கேட்டார். அட்டவணையில் அந்த வரியைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டே வருஷம்தானா இந்தப் பேர்ல இருந்துச்சு?" என்றார்.

உங்கள் வீட்டில் பழைய டிகிரி சர்டிஃபிகேட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே என்ன பெயர், கீழே எந்த வருஷம் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். பெயரும் மார்க்கும் வேண்டாம், அதை மறைத்துவிடுங்கள். அடுத்த வாரம் சந்திக்கலாம்.